ஆட்ஸ் பூஸ்ட் என்றாலே லாபமா?

“புக்மேக்கர் ஆட்ஸை, அதாவது பந்தய விலையை, பூஸ்ட் செய்து ஏற்றினால் அது நியாய விலையைத் தாண்டிவிடும், தைரியமாகக் கட்டலாம்.”

தவறு. பிரிட்டனில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு உள்ளூர் அணி 2.00, டிரா 3.40, எதிரணி 3.80 என்று விலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1-ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டினால் 105.7% வரும். 100-க்கு மேலே நிற்கும் அந்த 5.7 தான் மார்ஜின், அதாவது புக்மேக்கர் தன் லாபத்துக்காக விலையில் வைக்கும் பங்கு. உள்ளூர் அணியின் 50%-ஐ 1.057-ஆல் வகுத்தால் உத்தேச வாய்ப்பு 47.3%, நியாய விலை 2.11.

ஆக, 2.10-க்கு ஏற்றிய பூஸ்டிலும் 100 பவுண்டுக்குச் சராசரியாக 70 பென்ஸ் போகும். 2.20 என்றால் சரி, அது தாண்டுகிறது.

அப்புறம், எனக்கு அதிகக் கவலை பல நிகழ்வுகளைச் சேர்த்துத் தரும் பூஸ்ட்கள்தான். அவற்றுக்கு எதிர்ப்பக்க விலையைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். மார்ஜினை இப்படிக் கழித்துப் பார்க்கவே முடியாது.