“யாருக்காவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க” என்ற வரியை விட்டுவிடுங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்புகளில் சூப்பர்வைசர் ஒருவர் ரிட்டயர் ஆகும் நாளில் மாலை, சால்வை, வாட்ச் எல்லாம் முடிந்து மைக் அவர் கைக்கு வரும். பேச்சின் கடைசியில் பெரும்பாலும் ஒரே வரிதான் வந்து விழும்: “இத்தனை வருஷத்துல என்னால யாருக்காவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த செக்‌ஷனில் ஒருவரோடு மட்டும் ஏழெட்டு வருஷம் முட்டல் மோதலாக இருந்திருந்தால், இந்த வரியைச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘யாருக்காவது’ என்றால் யார் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற நாற்பது பேருக்கும் தெரியும். சொன்ன நொடியில் நாற்பது தலையும் அவர் பக்கம் திரும்பும். ‘இருந்தா’ என்ற சொல்லோ, நடந்ததை நடந்ததா இல்லையா என்ற சந்தேகமாக்கி விடுகிறது. மைக் இவர் கையில். அவர் கையில் டீ கப்பும் சமோசாவும். சிரித்துத் தலையாட்டினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகும், ஆட்டாவிட்டால் “பார், இன்னிக்குக் கூட மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்” என்று ஆகும். அவருக்கு வேறு வழியே இல்லை.

ஒரு கேஸை எடுத்துப் பார்ப்போம். ஷூ அப்பர் தோல் செய்கிற ஷாப், குரோமில் பதனிட்ட ஈரத் தோலைக் கையாளுகிற வெட் ப்ளூ செக்‌ஷன். எதிர்ப்பக்கம் இருப்பவர், தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிற ஷேவிங் மெஷினின் ஆபரேட்டர். ஆர்டரில் கேட்ட கனம் 1.1 முதல் 1.2 மில்லிமீட்டர். கத்தி மழுங்கினால் வெட்டாமல் இழுக்கும். பரப்பு சொரசொரப்பாகும், குறுக்கே அலை அலையாகக் கோடு விழும், ஒரே தோலில் ஒரு இடத்தில் கேஜ் 1.1 காட்டும், இன்னொரு இடத்தில் 1.4 காட்டும். அப்போது ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தி தீட்ட வேண்டும் என்பார். சூப்பர்வைசருக்கோ அன்றைக்கு எத்தனை தோல் என்ற கணக்கு தலைக்கு மேல். “இன்னும் நூறு தோல் போகட்டும்பா, அப்புறம் தீட்டிக்கலாம்” என்பார். ஆபரேட்டர் கேட்கமாட்டார். ஒருநாள் அனுமதி கேட்காமலேயே நிறுத்திவிட்டார். மெமோ போனது: ‘உற்பத்தி நேரத்தில் அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தியது.’ ஷேவிங் குறை அங்கேயே முழுசாகத் தெரியாது. டிரம்மில் சாயம் ஏறி, காய்ந்து வெளியே வரும்போதுதான் அந்தக் கோடுகள் பளிச்சென்று நிற்கும். ஆக, யார் சொன்னது சரி என்று தெரிய சில நாள் ஆகும். அதற்குள் மெமோ ஃபைலுக்குள் போய்விட்டிருக்கும். சரி என்று தெரிந்த பிறகும் யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. முட்டல் பெரும்பாலும் இங்கேதான் ஊறுகிறது.

இப்படி ஒரு மெமோ இருந்தால் அதற்குப் பதில் பேச்சில் இல்லை. கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னாலேயே பர்சனல் ஆபீஸுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன தேதி மெமோ, மெஷினை நிறுத்தியது கத்தி தீட்டுவதற்காக, கேஜில் அளவு ஒத்து வராததை அவர் முதலில் என்னிடம் சொன்னார், மெமோ கொடுத்தது என் முடிவு, அதைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து, தேதி. ஒரு காப்பி அவர் கையில். ஒரு வாரம் என்று சொல்வதற்குக் காரணம், கடைசி நாளில் கொடுத்த கடிதம் யார் மேஜையிலாவது கிடக்கும், பின்னால் போய் நின்று கேட்க சூப்பர்வைசர் அங்கே இருக்கமாட்டார். நிர்வாகம் மெமோவை எடுக்காமலும் போகலாம். அப்படியானாலும் இந்தக் கடிதம் அதே ஃபைலில் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

காப்பியைக் கொடுக்கும்போது கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். கேபினுக்குக் கூப்பிட்டாலே மெமோ ஞாபகம்தான் வரும். ஷிஃப்ட் முடிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் இடத்துக்குப் போய் நின்றுகொண்டே சொல்லலாம். “அன்னிக்கு நீங்க நிறுத்தினது சரி. நான் மெமோ கொடுத்தது தப்பு. எழுதிக் கொடுத்துட்டேன், இது உங்க காப்பி.” அவ்வளவுதான். “எனக்கு மேல இருந்து பிரஷர்பா” என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே விளக்கமாக மாறிவிடும். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால், வந்துவிடுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இனி மேடைப் பேச்சு. ஐந்து நிமிடம் போதும். செக்‌ஷனில் ஒன்பது பேர் என்றால் ஆளுக்கு இரண்டு வாக்கியம், கால் நிமிடம். மொத்தம் இரண்டேகால் நிமிடம். மீதி நேரம் நிர்வாகத்துக்கும் வீட்டாருக்கும். பெயர்களை வேலை போகிற வரிசையில் சொல்வது நல்லது: தண்ணீர் பிழிகிற சாமியிங், ஸ்பிளிட்டிங், ஷேவிங், டிரம், அதற்குப் பிறகு உள்ளவர்கள். இந்த வரிசையில் ஷேவிங்காரர் தானாகவே நடுவில் வந்துவிடுவார். சீனியாரிட்டிப்படி சொன்னாலோ மனதில் வந்தபடி சொன்னாலோ சங்கடமான பெயர் கடைசிக்குத் தள்ளிப்போகும். கடைசிப் பெயருக்குத்தான் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்த இரண்டு வாக்கியம் என்ன என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “கோபக்காரர், ஆனா மனசு தங்கம்” என்பது அடிக்கடி காதில் விழுவது. பாராட்டு போலத் தெரிந்தாலும், அடுத்த சூப்பர்வைசர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது. அவருக்கு அது ஆள் பற்றிய ஒப்படைப்புக் குறிப்பு. நாளைக்கு அந்த ஆபரேட்டர் கத்தி தீட்டணும் என்று சொன்னால், “ஆமா, கோபக்காரர்னு சொன்னாங்களே” என்றுதான் அவருக்குத் தோன்றும். ரிட்டயர் ஆகிறவர் வீட்டுக்குப் போய்விடுவார், அந்த ஒரு சொல் மட்டும் செக்‌ஷனில் தங்கிவிடும்.

“எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை வந்திருக்கு, ஆனா நாங்க அண்ணன் தம்பி மாதிரி” என்பதும் வேண்டாம். அண்ணன் தம்பி என்று சொல்ல அவரும் சம்மதிக்க வேண்டும் இல்லையா?

வேலையில் எல்லாரும் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். “ஷேவிங்ல திக்னஸ் ஒத்து வரலைன்னா மெஷினை நிறுத்திட்டு கேஜை என் கையில கொடுத்து நீங்களே பாருங்கன்னு சொல்லுவார். அவர் பார்த்துவிட்ட தோலுக்கு நான் தனியா கேஜ் வெச்சுப் பார்த்தது கிடையாது.” இதில் குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சண்டைக்குக் காரணமாக இருந்த அதே செயல் அவருடைய கைத்திறனாக வெளியே வருகிறது. நடந்தது தெரிந்தவர்களுக்கு இது முழுசாகப் புரியும், தெரியாதவர்களுக்கு வெறும் பாராட்டு. புது சூப்பர்வைசருக்கோ, இவர் நிறுத்தச் சொன்னால் கேட்கணும் என்ற தகவல். இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லுங்கள். தினமும் கேஜோடு பின்னாலேயே நின்றவர் இதைச் சொன்னால் கூட்டமே தலையைக் குனிந்துகொள்ளும். அப்படிப்பட்டவருக்கு முதல் வாக்கியமே போதும்.

எழுதி முடித்த பிறகு தாளில் ‘ஆனா’ எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். அடுத்து ‘நாங்க’ என்பதைத் தேடுங்கள். நம் மொழியில் ‘நாங்க’ என்றால் கேட்கிறவர் வெளியே, ‘நாம’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. “2020 லாக்டவுன் முடிஞ்சு வந்தப்ப நாங்க பாதி ஆளோட செக்‌ஷனை ஓட்டினோம்” என்று மைக்கில் சொன்னால், அன்றைக்கு மெஷினில் நின்றவர் காதில் தன்னை விட்டுவிட்டார் என்றே விழும். நாற்பது பேருக்கும் அப்படித்தான் விழும், ஆனால் ஏற்கெனவே விலகி நிற்கிற ஒருவருக்கு அது உறைக்கும். ‘நாம ஓட்டினோம்’ என்று மாற்ற ஒரு எழுத்துதான் செலவு.

இன்னொன்று, பேசும்போது திடீரென்று அவரைப் பார்த்து ‘நீ’ அல்லது ‘தம்பி’ என்று திரும்பாதீர்கள். மற்ற எட்டுப் பேரையும் ‘அவர்’ என்று சொல்லிவிட்டு இவரிடம் மட்டும் முகத்துக்கு நேராகப் பேசினால், பதில் கேட்டு நிற்பது போல ஆகிவிடும். எட்டுப் பேருக்கு எவ்வளவு நேரம் கண் போனதோ அவ்வளவு நேரமே இவருக்கும் போகட்டும். கைதட்டும்படி சைகை காட்டவும் வேண்டாம்.

பிரச்சினையை மேடையில் சொல்லாமல் விடுவது கோழைத்தனம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்ள வேண்டிய இடம், அந்தத் தப்பு பதிவாகி இருக்கிற இடம். மெமோ ஃபைலில் இருக்கிறது, எனவே ஒப்புக்கொள்வதும் ஃபைலில் நடக்க வேண்டும். செக்‌ஷன் முழுக்கக் கேட்க அவரைத் திட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது செக்‌ஷன் கேட்கவே ஒரு வரி சொல்லத்தான் வேண்டும், அதையும் அவரிடம் முன்கூட்டிக் காட்டி, அவர் சரி என்ற பிறகு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எல்லாக் கேஸிலும் சூப்பர்வைசர் மேலேயே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. கேஜே வைக்காமல் தோலைத் தள்ளிவிட்டு, கேட்டால் எகிறுகிற ஆபரேட்டரும் உண்டு. அவருக்கு இல்லாத பெருமையை மேடையில் உண்டாக்கினால், ஒழுங்காக வேலை செய்த டிரம்காரருக்குச் சொன்ன வார்த்தையும் மலிந்துபோகும். “ஷேவிங்ல பன்னிரண்டு வருஷம் நம்மோட வேலை பார்த்தவர்” என்று பெயரோடு ஒரு வாக்கியம், அடுத்த ஆளுக்குப் போய்விடலாம். பெயரையே விட்டுவிடுவது மட்டும் கூடாது. எட்டுப் பெயர் வந்து ஒன்பதாவது வராவிட்டால், வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் பேசுவது அந்த ஒன்றைத்தான்.

விழா ஏற்பாடு செய்கிறவர்களிடமும் முன்பே பேசிவைக்க வேண்டும். “ரெண்டு பேரும் ராசியாகட்டும்” என்று நினைத்து, சால்வை போட அவரையே கூப்பிடுகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. ஆசையாகச் செய்கிறார்கள், ஆனால் அத்தனை பேர் முன்னால் ஃபோனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அவரால் மறுக்க முடியாது. சால்வையை செக்‌ஷனில் மூத்தவர் யாராவது போடட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அவர் அன்றைக்கு வராமலும் இருக்கலாம். லீவு போட்டிருப்பார், அல்லது செகண்ட் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருப்பார். தாளில் எழுதிய இரண்டு வாக்கியத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். “இன்னிக்கு வரலை” என்று சேர்க்க வேண்டாம். வீடியோ சாயந்திரமே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும், அவர் பார்ப்பார்.