உதவி கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை பேசிவிடுங்கள்

அஞ்சாறு வருஷம் பேச்சே இல்லாத பழைய ஆபீஸ் ஆள் திடீரென்று வாட்ஸப்பில் "ஹாய், எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று போட்டால் நாம் என்ன செய்கிறோம்? "நல்லா இருக்கேன், சொல்லுங்க" என்கிறோம். ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு வரி தள்ளி அந்த வேண்டுகோளும் வந்து விழும்போது, முதலில் விசாரித்த நலம்கூட பொய்யாகப் படுகிறது. ஒருவரிடம் உதவி தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கேட்பதற்கு ரெண்டு மூணு மாசம் முன்பே, எதையும் கேட்காமல் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் சித்தி மகன் இதைச் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் சேலம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் லேபில் இருந்தவன், இப்போது வேறு மில்லில் கான்ட்ராக்ட். ஜூனில் அது முடிகிறது என்று ஜனவரியிலேயே தெரியும். பழைய மில்லில் அவனுக்கு வேலை பழக்கிய சீனியர் ஒருவர் இப்போது திருப்பூர் பக்கம் இருக்கிறார். மில்லை விட்டு வந்தபின் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பொங்கல் வாழ்த்துப் படம் அனுப்பி ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அன்றைக்கு அவருக்கு அதுமாதிரி நூறு படம் வந்திருக்கும், யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்கமாட்டார். அதைவிட முக்கியமாக, பழைய மில் ஆள் ஒருவரிடம் அந்த சீனியர் வீட்டு நிலவரத்தை விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். நல்லவேளை, விசாரித்தான். அவருடைய அப்பா முந்தின வருஷம் தவறிவிட்டாராம். அது தெரியாமல் "அப்பா நல்லா இருக்காங்களா" என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

அவன் அனுப்பியது ஏறக்குறைய இதுதான். முதல் வரியில் பேர், எந்த மில், எந்த டிபார்ட்மென்ட் (நம்பர் மாறியிருக்கும், யாரென்று அவரை யோசிக்க வைக்கக் கூடாது). பிறகு: "அண்ணா, அப்பா தவறின விஷயம் இப்பத்தான் தெரிஞ்சுது, வருத்தமா இருக்கு. இத்தனை நாள் பேசாம இருந்துட்டேன். நூலை ஷெட்ல இருந்து எடுத்துட்டு வந்த உடனே எடை போடாதே, லேப் ஈரப்பதத்துல கொஞ்ச நேரம் போட்டு வை, இல்லாட்டி கவுண்ட் தப்பா காட்டும்னு சொல்லிக்கொடுத்தீங்க. இங்க புதுசா வந்த பையனுக்கு நேத்து அதையே சொல்லிக்கொடுத்தேன், உங்க ஞாபகம் வந்துச்சு. நேரம் கிடைக்கும்போது பேசுங்க, அவசரம் இல்லை."

கவனித்துப் பாருங்கள், பேசாததற்கு ஒரே ஒரு வரிதான். பத்து வரி மன்னிப்பு கேட்டால், "பரவாயில்லப்பா" என்று நம்மைத் தேற்றுகிற வேலை அவர் தலையில் விழும். நூல் எவ்வளவு மெலிசு என்று சொல்கிற அந்தக் கவுண்ட் விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே உரியது, வேறு யாருக்கும் அதை எழுத முடியாது. இது ஊருக்கெல்லாம் அனுப்பிய மெசேஜ் இல்லை என்று அவருக்குப் புரிவது அதனால்தான்.

ரெண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார், அரைமணி நேரம் பேசினார்கள். வேலை பற்றி அவர் கேட்டபோது கான்ட்ராக்ட் ஜூனோடு முடிகிறது என்பதை இவன் மறைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு எதையும் கேட்கவும் இல்லை. ஏப்ரலில்தான் கேட்டான், அதுவும் சின்னதாக: "உங்க பக்கம் லேபுக்கு ஆள் எடுக்கறதா இருந்தா யாரைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க, தோதுப்படலைனாலும் ஒண்ணுமில்லை அண்ணா." அவர் மில்லில் இடம் இல்லை. ஆனால் சங்ககிரி பக்கம் ஒரு மில்லில் ஆள் தேடுவதைச் சொல்லி, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இவனோடு தினம் டீ குடிக்கிற யாருக்கும் அது தெரியாது. 2011இல் லெவின், வால்டர், முர்நிகன் என்ற ஆய்வாளர்கள், விட்டுப்போன பழைய தொடர்புகளிடம் மேலாளர்களை ஆலோசனை கேட்க வைத்துப் பார்த்தார்கள். புதுசாகவும் பயன்படும்படியும் ஆலோசனை கிடைத்தது என்பதுதான் அதில் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர்கள் வேறு இடங்களில், வேறு ஆட்களோடு இருந்திருக்கிறார்களே.

இதுவும் கணக்குப் போட்டுப் பழகுவதுதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான்: அவர் நாளைக்கே அந்த வேலையை விட்டுவிட்டால் அப்போதும் அவரிடம் பேசப் பிடிக்குமா? பிடிக்காது என்றால் நலம் விசாரிக்கவே வேண்டாம், நேராக வேலையை மட்டும் கேளுங்கள், அது எவ்வளவோ மரியாதை.

அவசரம் என்றாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும்போது மூணு மாசம் காத்திருக்க முடியாது. "இத்தனை வருஷம் பேசலை, இப்ப உதவிக்குத்தான் கூப்பிடறேன்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

முதல் மெசேஜுக்குப் பதிலே வரவில்லையா? கேள்விக்குறி போடுவது, மிஸ்டு கால் கொடுப்பது எதுவும் வேண்டாம். சில மாசம் கழித்து, சொல்ல உண்மையாக ஏதாவது இருந்தால் இன்னொரு தடவை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த உதவியை வேறு ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.