காபியை நிறுத்தினால் தலை ஏன் வலிக்கிறது?

"காபியை நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு. தலை விண்விண்ணுனு வலிக்குது, ஒரே அசதி. ஏன்?"

மூளையில் அடினோசின் என்ற பொருள் பகல் முழுக்கச் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும். அது ஒட்ட வேண்டிய ஏற்பிகளைக் காபியில் உள்ள காஃபீன் மறித்துக்கொள்கிறது. தினமும் மறித்தால் மூளை ஏற்பிகளைக் கூட்டிவிடும். திடீரென நிறுத்தும்போது அத்தனையிலும் அடினோசின் போய் ஒட்டும், அசதி அதனால்தான். கூடவே மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதால் தலைவலி.

கடைசி டம்ளருக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். இரண்டாம் நாள்தான் பெரும்பாலும் மோசம். பிறகு 9 நாளுக்குள் அடங்கிவிடும். தினம் நான்கு டம்ளர் குடிப்பவர் மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் குறைத்தால் வலி அவ்வளவாகத் தெரியாது. சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபீன் இருக்கிறது, அட்டையைப் படியுங்கள். அதைப் போட்டு வலி போனால், காபியை மாத்திரையாகக் குடித்த கணக்குத்தான்!