முதல் வரிசையில் தடை இருந்தால்

LeetCode 63 கணக்கில், இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலைக்குத் தடைகளைத் தவிர்த்துப் போக எத்தனை வழி என்று எண்ண வேண்டும். அதற்கான dp அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே வரும் வழிகளின் எண்ணிக்கையை எழுதுகிறோம். அதை நிரப்பத் தொடங்க நீங்கள் சொன்னது:

“முதல் வரிசையிலும் முதல் நெடுவரிசையிலும் தடை உள்ள கட்டத்தில் 0, மற்ற எல்லாவற்றிலும் 1 போட்டால் போதும்.”

இது எப்போதும் சரியாக வராதுங்க. வலப்புறமும் கீழேயும் மட்டுமே நகரலாம் என்பதால், முதல் வரிசைக் கட்டத்துக்கு இடப்பக்கத்திலிருந்து மட்டும்தான் வர முடியும். நடுவில் ஒரு தடை வந்தால் அதற்குப் பிறகுள்ள எல்லாமே 0. நெடுவரிசைக்கும் அதேதான்.

கையாலேயே போட்டுப் பாருங்கள் (1 என்றால் தடை):

```
0 1 0
0 0 0
```

வழி ஒன்றே ஒன்று: கீழே இறங்கி, இரண்டு முறை வலப்பக்கம். நீங்கள் சொன்னபடி முதல் வரிசை 1, 0, 1 ஆகும். அந்தக் கடைசி 1 கீழே சேர்ந்து விடை 2 என்று வரும்.

LeetCode 63-இன் இரண்டு மாதிரிகளும் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. ஒன்றில் தடை நடுக்கட்டத்தில். மற்றதில் முதல் வரிசையின் கடைசியில், அதைத் தாண்டிக் கட்டமே இல்லை. ‘எனக்கு ஓடுச்சே’ என்று மேலே ஒருவர் சொன்னது அதனால்தான் இருக்கும். முதல் வரிசையை இப்படி நிரப்புங்கள்:

```python
dp[0][0] = 1 - grid[0][0]
for j in range(1, n):
    dp[0][j] = 0 if grid[0][j] else dp[0][j-1]
```

தொடக்கக் கட்டத்திலேயே தடை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன நண்பர் சொன்னது சரி, முதல் வரி அதற்குத்தான். ஆனால் அது மட்டும் போதாது. நான்கு திசையிலும் நகரலாமா என்று கேட்டவருக்கு: அது வேறு கணக்கு, இந்த அட்டவணை அதற்கு உதவாது.