மரியாதையாக எழுதினால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தமில்லை

தாமதமாக, அதுவும் சக்கரம் உடைந்து வந்த என் பெட்டிக்கு நஷ்டஈடு கேட்டு எழுதி, போன பதிவில் போட்டிருந்த கடிதத்துக்கு விமான நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. “சக்கரம், கைப்பிடி ஆகியவற்றின் சாதாரணத் தேய்மானத்துக்கு எங்கள் விதிமுறைப்படி பொறுப்பேற்க இயலாது. தங்கள் புரிதலுக்கு நன்றி.” நான் எதைப் புரிந்துகொண்டதற்கு இந்த நன்றி என்றுதான் தெரியவில்லை.

அதைவிட எரிச்சல், நம் ஆட்கள் சொன்னது. “இவ்வளவு பணிவா எழுதினா இப்படித்தான் பதில் வரும்.” “நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கணும்.” அப்படியா? சரி, அந்தக் கடிதத்தில் திட்டைத் தவிர என்ன குறை என்று யாராவது சொல்லுங்கள்.

பெட்டி நான் வந்த விமானத்தில் வரவில்லை. பெல்ட் நிற்கும்வரை நின்றுவிட்டு, லக்கேஜ் கவுண்டரில், பெட்டி வரவில்லை என்று பதிவு செய்யும் பிஐஆர் படிவம் எழுதிக் கொடுத்து எண் வாங்கினேன். சில நாள் கழித்துப் பெட்டி வீட்டுக்கு வந்தது. ஒரு சக்கரம் இல்லை. தேய்ந்து போன சக்கரம் என்றால் ரப்பர் மெலிந்திருக்கும், ஆடும். இங்கே சக்கரம் இருந்த இடத்தில் ஓட்டை. திருகாணியோடு, பெட்டியின் ஓட்டில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. இதுதான் சாதாரணத் தேய்மானமாம்!

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிஐஆர் எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சர்வதேசப் பயணத்துக்குப் பொதுவாகப் பொருந்தும் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 31ஆவது பிரிவு கேட்பது எழுத்துமூலமான புகார். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள். தாமதம் என்றால் 21 நாளுக்குள். தாமதத்துக்காக அன்று எழுதிய பிஐஆரில், பிறகு உடைந்து வந்த சக்கரம் எப்படி இருக்கும்? அதனால்தான் தனிக் கடிதம், அதில் இரண்டும் தனித்தனியாக.

என் மைத்துனர் ஒருமுறை எழுதினார் பாருங்கள், மூன்று பக்கம், நறுக்கென்றுதான். படித்த எங்களுக்கே ரத்தம் கொதித்தது. ஆனால் அதில் டேக் எண் இல்லை, என்ன உடைந்தது என்று இல்லை, எவ்வளவு வேண்டும் என்று இல்லை. கோபம் ஆறி அதை அனுப்புவதற்குள் 7 நாளும் தாண்டிவிட்டது. ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கெடு தாண்டினால், நிறுவனம் மோசடி செய்திருந்தாலொழிய, வழக்குக்கே வழியில்லை. நறுக்கென்று எழுதியவருக்குக் கிடைத்தது அதுதான்.

என் கடிதத்தின் நடுப்பகுதி இது: “பெட்டி தாமதமானதால் வாங்க நேர்ந்த மாற்றுடை, அத்தியாவசியப் பொருட்களுக்கான ரசீதுகளும், பழுது பார்க்க இயலாது என்ற கடைக்காரரின் குறிப்பும் இணைத்துள்ளேன். 17, 19ஆம் பிரிவுகளின்படி இந்தத் தொகையைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதில் எங்கே கெஞ்சல்? “கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரு சொல்லா உங்களை உறுத்துகிறது?

“உச்சவரம்பையே கேட்டிருக்கலாமே” என்கிறார் இன்னொருவர். 2024 டிசம்பர் 28 முதல் ஒப்பந்தத்தின் அந்த வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். அது வரம்பு, பரிசுத்தொகை இல்லை. ஆன நஷ்டத்தைத்தான் கேட்க முடியும். கூட்டிக் கேட்டால் உண்மையான ரசீதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

“அவர்கள் விதிமுறையில் சக்கரத்துக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறதே” என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், நியாயமான கேள்வி. பெட்டியிலேயே இருந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை, உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் வைத்த பொறுப்பைத் தட்டிக்கழிக்கவோ வரம்பைக் குறைக்கவோ டிக்கெட்டில் எதை அச்சடித்தாலும் 26ஆவது பிரிவின்படி அது செல்லாது. பெட்டியிலேயே குறை இருந்தது என்றால் எந்தக் குறை, எப்படித் தெரிந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். புகைப்படத்தைத் திறந்தாவது பார்த்தார்களா?

“ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு அலப்பறையா” என்றவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் பெட்டி வரட்டும், பேசுவோம்.

எனக்கு வலிப்பது சக்கரம்கூட இல்லை. நாம் பொறுமையாக, ஆதாரத்தோடு எழுதினால் நம்மை ஏமாளி என்று நினைப்பது விமான நிறுவனம் மட்டும் இல்லை, நம் நண்பர்களும்தான். கவுண்டரில் கத்துகிறவரைத்தான் உரிமை தெரிந்தவர் என்கிறோம். அன்று அங்கே இருந்த பெண்ணிடம் நான் கத்தியிருந்தால் சக்கரம் முளைத்திருக்குமா? பெட்டியைத் தூக்கிப் போட்டது அவரா?

இன்றே இரண்டாவது கடிதம் போகிறது. தேய்மானம் என்று முடிவு செய்தது யார், எதைப் பார்த்து என்று கேட்டிருக்கிறேன். ஓட்டையின் படம் இந்த முறை பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தது. வழக்குப் போட 2 ஆண்டு கெடு இருக்கிறது என்பதையும் கடைசி வரியில் மிகுந்த மரியாதையோடு நினைவூட்டியிருக்கிறேன்.