பெட்டியில் இருக்கும் 20 பார் கோப்பைக்கு வராது

வெள்ளிக்கிழமை என் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். தேவகோட்டைத் தம்பி பதினைந்தாயிரத்துக்குள் முதல் எஸ்பிரஸோ மெஷின் வாங்க வேண்டும், 15 பார் அழுத்தம் நல்லதா 20 பார் நல்லதா என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான், காபிக்கு வேண்டியது 9 பார், மிச்சக் காசைக் கிரைண்டருக்கு வையுங்கள் என்றேன். அதற்கு ஒருவர் "காசில்லாதவன் பேச்சு" என்று எழுதுகிறார், நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் போடுகிறார்கள்.

சரி, திரும்பவும் சொல்கிறேன். அந்த 20 பார் காபித்தூள் மேல் விழும் அழுத்தம் இல்லை. தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் பம்பால் எவ்வளவு தள்ள முடியும் என்ற கணக்கு அது. தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் குறைந்துவிடும். ஓடும்போது அழுத்தத்தை உண்டாக்குவது தூள்தான், எவ்வளவு நைசாக அரைத்திருக்கிறீர்கள், எவ்வளவு போட்டு அமுக்கியிருக்கிறீர்கள் என்பதுதான். 1961இல் இத்தாலியின் ஃபெய்மா தன் மெஷினில் மின்சாரப் பம்பு வைத்தபோதே 9 பார்தான். இன்றும் நல்ல மெஷின்களில் அதற்கு மேல் ஏறினால் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு வால்வு இருக்கும். கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் தூளைப் பிளந்து ஒரே ஓட்டை வழியாக ஓடும், ஒரு பக்கம் புளிப்பு, ஒரு பக்கம் கசப்பு.

"அப்படியென்றால் கம்பெனிக்காரன் எல்லாம் முட்டாளா?" என்று கேட்டார்கள். முட்டாள் இல்லை. விற்கத் தெரிந்தவர்கள்.

பள்ளத்தூரில் பெரியம்மா மகன் அண்ணன் ஒரு 20 பார் மெஷின் வாங்கினார். மேலே நுரை கெட்டியாக நிற்கும், குடித்தால் வெறும் தண்ணீர். மெஷின் கோளாறு என்றே நினைத்துவிட்டார். நான் தூள் போடும் பாஸ்கெட்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே நிறையத் துளை, அடிப்பக்கம் ஒரே ஒரு துளை. இரட்டை அடுக்கு. நுரையை உண்டாக்குவது அந்த ஒற்றைத் துளை, காபி இல்லை. அதே அளவில் ஒற்றை அடுக்குப் பாஸ்கெட் வாங்கிப் போட்டதும் கடைத்தூள் பத்து விநாடிக்குள் ஓடிவிட்டது. அப்புறம் கொட்டையைக் கைக் கிரைண்டரில் இன்னும் நைசாக அரைத்து, 16 கிராம் போட்டு, 32 கிராம் இறங்க 27 விநாடி. "இதுதாண்டா காபி" என்றார் அண்ணன். மெஷின் அதேதான்.

இரட்டை அடுக்கு தவறா என்றால், கிரைண்டர் வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை மட்டும் அதில் கொட்டாதீர்கள், சேறாகி அடைக்கும்.

இன்னொருவர் ஐந்தாயிரத்துக்குள் கிடைக்கும் மெஷின் போதும் என்கிறார். அதில் பெரும்பாலும் பம்பே கிடையாது. பாய்லரில் நீராவி சேர்ந்து தண்ணீரைத் தள்ளும், 3 பார் அளவுதான் வரும், தண்ணீரும் கொதிநிலைக்குப் போய்த் தூளைக் கருக்கும். பம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவ்வளவுதான் அந்தக் கணக்கில் பார்க்க வேண்டியது.

பாய்லருக்கும் இதே கதை. இந்த விலையில் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் அல்லது ஒற்றைப் பாய்லர்தான் வரும். தெர்மோபிளாக் சீக்கிரம் சூடாகும், நீராவி கொஞ்சம் மெதுவாக வரும், ஒரு டம்ளர் பாலுக்குப் போதும். ஒற்றைப் பாய்லரில் காபிக்கு 93 டிகிரி அளவு, பால் அடிக்க 120க்கு மேல். பால் அடித்துவிட்டு உடனே அடுத்த காபி இறக்கினால் கருகும், கொஞ்சம் வெந்நீரை வெளியே விட்டு ஆற்ற வேண்டும். "எங்கள் வீட்டில் காலையில் எட்டுப் பேர், இதெல்லாம் முடியுமா?" என்று ஒரு ஆச்சி கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது, ஆச்சி. எட்டுப் பேருக்குப் பித்தளை ஃபில்டர்தான். அதற்காக இரட்டைப் பாய்லர் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அதன் விலை வேறு.

தொடுதிரை, கோப்பை சூடாக்கும் தட்டு, மெஷினோடு ஒட்டிய மலிவுக் கிரைண்டர், எதுவும் வேண்டாம். ஒட்டிய கிரைண்டர் கெட்டால் மெஷினோடு தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும், காரைக்குடியிலேயே பழுது பார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

எனக்கு வலித்தது பார் கணக்கு இல்லை. அந்தத் தம்பி மாதம் மாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம் என்று அவரே எழுதியிருந்தார். அதைப் பெட்டியில் அச்சடித்த ஒரு எண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, தடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிக்கனமாகச் செலவு செய்வது எப்போதிலிருந்து கேவலமானது? நம் ஊரில் ஒவ்வொரு செலவும் கணக்கு நோட்டில் ஏறிய வீடுகள்தானே இவை?

தம்பி, இன்னும் வாங்கவில்லை என்றால் பணத்தில் பாதி மெஷினுக்கு, பாதி கைக் கிரைண்டருக்கு. அந்த மெஷினுக்கு ஒற்றை அடுக்குப் பாஸ்கெட் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்புப் படியும். வாங்கியபின் எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள், அரைப்பதை எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன்.