கண்ணோடு சேர்ந்த சிரிப்பைப் பழகலாம்

"கண்வரை எட்டுற சிரிப்பு தானா வரணும், யாராலும் வேணும்னு வரவழைக்க முடியாது. இன்டர்வியூவுக்குப் பழகுறது வீண்."

பலரும் இப்படிச் சொல்வதுண்டு. இது தவறு. 1862இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், கண்ணைச் சுற்றியுள்ள தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது என்று எழுதினார். அதுதான் இன்றும் சுற்றுகிறது. ஆனால் 2009இல் உளவியல் ஆய்வாளர்கள் க்ரம்ஹூபர், மான்ஸ்டெட் இருவரும் சோதித்தபோது, பலரால் அதை வேண்டுமென்றே செய்ய முடிந்தது. வாய் அகலச் சிரித்தாலே கன்னம் மேலேறி, கண்ணோரம் சுருக்கம் விழும். அதனால் அந்தச் சுருக்கத்தை வைத்து ஒருவர் மனதையும் எடைபோட முடியாது.

பழகும்போது உதட்டை இழுக்காமல் கன்னத்தை உயர்த்துங்கள். கீழ் இமை லேசாக மேலே வரும். புருவங்களுக்கு நடுவே கோடு விழுந்தால் அது சிரிப்பல்ல, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் முகம். போனில் படமெடுத்து வாயை விரலால் மறைத்துப் பாருங்கள், கண் மட்டும் சிரிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். குடும்பப் படத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கும்வரை சிரிப்பைப் பிடித்து வைத்தால் கன்னம் தளர்ந்து, பல் மட்டும் மிஞ்சும். "ரெண்டு" வரை முகத்தைத் தளர்த்தி வைத்து, "மூணு"க்குச் சிரியுங்கள். இன்டர்வியூவில் வணக்கம் சொல்லும்போது சிரிப்பு மெல்ல விரியட்டும், மெல்லவே அடங்கட்டும். சட்டென்று மறைவதுதான் போலியாகத் தெரியும்.